சோற்றுக் கோப்பையால் உலர் உணவை அளக்காதீர்கள்

மட்டக்களப்பில் என்னிடம் வரும் வளர்ப்பு நாய்களில் பெரும்பாலானவை சோறும் மீனும் தின்று வளர்ந்தவை. வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் யாராவது "இதையா கொடுக்கிறீர்கள்?" என்று கேட்டுவிட்டால், மறுநாளே வீட்டுக்கு உலர் உணவு மூட்டை வந்துவிடுகிறது. அதற்கடுத்த நாள் நாய் என்னிடம் வருகிறது.

கல்லடியிலிருந்து வந்த ஒன்றரை வயது லாப்ரடோரின் கதையும் இதுதான். எடை 25 கிலோ. முதல் நாள் இரவு சாப்பிட்ட சிறிது நேரத்தில் மெல்லாத குருணைகளை அப்படியே கக்கியது. விடியும்போது தண்ணீராகக் கழிந்தது. "பழுதான சாமான் போல, டொக்டர்" என்றார் வீட்டுக்காரர். காய்ச்சல் இல்லை, மலத்தில் புழு முட்டையும் இல்லை. நாய் வாலாட்டிக்கொண்டுதான் நின்றது. "எவ்வளவு கொடுத்தீர்கள்?" என்று கேட்டேன். "வழக்கமான கோப்பைதான், இரண்டு நேரமும்."

அந்தக் கோப்பையைக் கொண்டுவரச் சொல்லி நிறுத்துப் பார்த்தேன். அது கொள்ளும் உலர் உணவு 240 கிராம். இரண்டு வேளைக்கு 480. அந்த எடையுள்ள நாய்க்கு ஒரு நாளைக்கு 320 கிராம் போதும் என்று மூட்டையிலேயே அச்சிட்டிருக்கிறது. சோற்றில் பெரும்பகுதி தண்ணீர். உலர் உணவில் பத்தில் ஒரு பங்கு அளவே தண்ணீர். கோப்பை ஒன்றுதான் என்றாலும், உள்ளே போகும் சத்து தேவையைப் போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு ஆகிவிட்டது. பழகாத உணவு, அதுவும் அளவுக்கு மிஞ்சி. மாவுச்சத்துக்குப் பழகிய குடல் நுண்ணுயிர்கள் புதிய கொழுப்புக்கும் புரதத்துக்கும் ஏற்ப மாறப் பல நாட்கள் எடுக்கும். அதுவரை செரிக்காமல் மிஞ்சுவது குடலுக்குள் தண்ணீரை இழுக்கிறது. கழிச்சல் அப்படித்தான் வருகிறது.

புதிய உணவை நிறுத்தி, அவித்த மீனும் சோறும் மட்டும் கொடுக்கச் சொன்னேன். மலம் கட்டியான பிறகு மாற்றத்தைத் தொடங்கினோம். முதல் மூன்று நாட்கள் உலர் உணவு 80 கிராம், பழைய சோற்றில் முக்கால் பங்கு. அடுத்த மூன்று நாட்கள் 160 கிராமும் பாதிச் சோறும். பிறகு 240 கிராமும் கால் பங்கும். பத்தாம் நாள் 320 கிராம் மட்டும். இவை முழு நாளுக்கான அளவுகள். இரண்டு வேளையாகப் பிரிக்க வேண்டும். நாளுக்குநாள் தண்ணீரும் கூடுதலாக வைக்க வேண்டும். சோற்றின்மேல் சொதியை ஊற்றிக் கலப்பவர்கள் பலர். அதில் வெங்காயம் இருக்கிறது, அது நாய்க்கு நஞ்சு.

அடுத்த படிக்குப் போகலாமா என்பதை நாட்காட்டி சொல்லாது, மலம் சொல்லும். முற்றத்து மணலிலிருந்து அள்ளும்போது உருக்குலையாமல் வந்தால் மேலே போகலாம். உருவம் இருந்தும் மணலில் ஒட்டினால் அதே அளவில் இன்னும் இரண்டு மூன்று நாட்கள் நிற்க வேண்டும். உருவமே இல்லையென்றால் ஒரு படி இறங்க வேண்டும். இரத்தம் கலந்தாலோ, நாய் சுருண்டு படுத்து உண்ண மறுத்தாலோ உணவின்மேல் பழி போட்டுக் காத்திருக்காதீர்கள். குட்டியாக இருந்தால் குடலைத் தாக்கும் பார்வோ வைரஸாக இருக்கக்கூடும்.

கக்கலுக்குக் காரணம் வேறு. இந்த நாய் ஒரு நிமிடத்துக்குள் கோப்பையைக் காலி செய்துவிடுகிறது. வீட்டுக்காரர் இணையத்தில் ஒரு ஸ்லோ ஃபீடர் வாங்கினார். உள்ளே வளைந்து வளைந்து மேடுகள் எழும்பிய பிளாஸ்டிக் தட்டு அது. நாய் நாக்கால் துழாவித்தான் எடுக்க வேண்டும். உலர் உணவுக்கு நல்ல கருவி. ஆனால் சோறு கலக்கும் நாட்களிலேயே அதைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார். மூலைகளில் ஒட்டிய பருக்கை நம்மூர் வெயிலில் மத்தியானத்துக்குள் புளித்து நாறியது. கலப்பு நாட்களில் அகலத் தட்டில் மெல்லியதாகப் பரப்பிக் கொடுத்தாலே போதும். முழுதும் உலர் உணவுக்கு வந்த பிறகு அந்த ஸ்லோ ஃபீடரைப் பயன்படுத்துங்கள், தினமும் தேய்த்துக் கழுவுங்கள்.

வாங்கும்போது மேடு தாழ்வானதாகப் பாருங்கள். பக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு ஆழமான தட்டில் உண்பது கடினம். விளிம்பைக் கடித்துப் பிளாஸ்டிக்கை விழுங்கும் நாய்க்கு அது வேண்டாம். சாதாரணக் கோப்பைக்குள் வழவழப்பான பெரிய கல் ஒன்றை வைத்தாலும் வேலை நடக்கும். கல் நாயின் வாய்க்குள் நுழையாத அளவில் இருக்க வேண்டும். வீட்டில் இரண்டு நாய்கள் இருந்தால், எதையும் வாங்குவதற்கு முன் தனித்தனி இடத்தில் வைத்துப் பாருங்கள். பறிகொடுத்துவிடுவோமோ என்ற பயத்தில் விழுங்கும் நாய்கள் அதிகம்.

ஜெர்மன் ஷெப்பர்ட், டோபர்மன், கிரேட் டேன் போன்ற ஆழ்ந்த மார்புள்ள நாய்களுக்கு வயிறு ஊதி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. வேகமாக விழுங்குவது அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. ஆனால் ஸ்லோ ஃபீடர் இருக்கிறது என்று அந்த ஆபத்தை மறந்துவிட முடியாது. வயிறு புடைத்து, வாந்தி எடுக்க முயன்றும் நுரையைத் தவிர எதுவும் வராமல் நாய் நிலைகொள்ளாது நடந்தால், வீட்டு மருந்து எதுவும் கொடுக்காமல் அந்த நிமிடமே புறப்படுங்கள். அதற்கு அறுவைச் சிகிச்சை தேவைப்படும். எல்லா இடத்திலும் அந்த வசதி இருக்காது. எங்கே செய்வார்கள் என்று வழியிலேயே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள்.