ஒரே கணக்கில் இரண்டு ரான்ட்: நீண்ட காலத் திட்டமும் பணவீக்கமும்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் மசாலா வாணிபம் செய்யும் என் சித்தப்பா, இருபது ஆண்டுகளாக வாடகைக் கிடங்கில் சரக்கு வைத்திருப்பவர், சொந்தமாக ஒரு கிடங்கு கட்டலாமா என்று கணக்குப் போட்ட தாளை ஒரு ஞாயிற்றுக்கிழமை என் முன்னே வைத்தார். கட்டடச் செலவு 20 இலட்சம் ரான்ட். கட்டினால் மிச்சமாகும் வாடகை, இன்றைய விலையில், ஆண்டுக்கு 2,20,000 ரான்ட். வங்கி வட்டியையும் தொழிலின் ஆபத்தையும் சேர்த்து, வரி போக 12 சதவீதம் கிடைத்தால்தான் இறங்குவேன் என்று எழுதியிருந்தார். வாடகைப் பத்தியில் இருபது வரிசையிலும் அதே 2,20,000 நின்றது. அந்தப் பத்தியைப் பார்த்தவுடனேயே கணக்கில் கோளாறு இருப்பது தெரிந்துவிட்டது.

12 சதவீதம் என்பது வங்கியில் கைமாறும் ரான்டில் பேசும் வீதம். அடுத்த ஆண்டு ரான்ட் எவ்வளவு மெலிந்திருக்கும் என்பதற்கான ஈடும் அதற்குள் அடங்கியிருக்கிறது. இதைப் பெயரளவு வீதம் என்கிறோம். மாறாமல் நிற்கும் 2,20,000 என்பதோ இன்றைய வாங்கும் சக்தியில் சொல்லப்பட்ட தொகை. வருங்காலத் தொகையை, இடையிலுள்ள ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒருமுறை 1.12ஆல் வகுத்து இன்றைய மதிப்புக்குக் கொண்டுவருவதையே 12 சதவீதத்தால் கழிப்பது என்கிறோம். மெலிவுக்கான ஈட்டை வீதத்தில் கழித்துவிட்டு வாடகையில் சேர்க்காமல் விட்டால், பணவீக்கத்தின் அடி ஒருமுறைக்குப் பதில் இருமுறை விழுகிறது. இருபது ஆண்டுத் திட்டத்தில் அது சின்னப் பிழையாக நிற்பதில்லை.

சரிசெய்ய இரண்டு வழிகள் உள்ளன. வாடகையை ஆண்டுதோறும் பணவீக்கத்தால் உயர்த்தி 12 சதவீதத்தால் கழிக்கலாம்; அல்லது வாடகையை இன்றைய விலையிலேயே வைத்துக்கொண்டு, வீதத்திலிருந்து பணவீக்கத்தை நீக்கிய மெய் வீதத்தால் கழிக்கலாம். பணவீக்கம் 5 சதவீதம் என்று கொண்டால், 1.12ஐ 1.05ஆல் வகுக்க 1.0667 வருகிறது, ஆகவே மெய் வீதம் 6.67 சதவீதம். பலரும் செய்வதுபோல் 12இலிருந்து 5ஐக் கழித்து 7 என்று வைத்துக்கொள்வது தோராயம்தான், ஆனால் சித்தப்பாவின் கிடங்கில் அந்தத் தோராயத்தின் விலை ஏறக்குறைய 45,000 ரான்ட்.

இனி முழுக் கணக்குக்கு வருவோம். தென்னாப்பிரிக்காவில் நிறுவன வருமான வரி 27 சதவீதம். வாடகை கட்டாவிட்டால் அது செலவாகக் காட்டப்படாது, அதனால் வரியும் கூடும்; மிச்சமாகும் 2,20,000இல் உண்மையில் கையில் நிற்பது 1,60,600. கட்டடத்துக்கு இருபது ஆண்டுகளுக்குப் பின் மதிப்பில்லை என்றும், பணம் ஒவ்வோர் ஆண்டின் முடிவிலும் வருகிறது என்றும் எளிமைக்காக வைத்துக்கொள்கிறேன். ஆண்டுக்கு 1 ரான்ட் வீதம் இருபது ஆண்டு வரும் தொகையின் இன்றைய மதிப்பு, 6.67 சதவீதத்தில் 10.874 ரான்ட்; 12 சதவீதத்தில் வெறும் 7.469. ஆகவே வாடகைச் சேமிப்பின் இன்றைய மதிப்பு மெய் வீதத்தில் சுமார் 17,46,000. சித்தப்பா போட்டபடி போட்டால் சுமார் 12 இலட்சம்தான். பிழையின் அளவே ஐந்தரை இலட்சம்.

இத்தனையும் பாடநூல்களில் கிடைக்கும். எனக்கு ஆர்வம் தரும் இடம் இதற்கு அடுத்த வரியில் இருக்கிறது. புதிதாகக் கட்டிய வணிகக் கட்டடத்தின் செலவில் ஆண்டுக்கு 5 சதவீதத்தை இருபது ஆண்டுகளுக்குத் தேய்மானமாகக் கழித்துக்கொள்ள இந்நாட்டு வரிச்சட்டம் இடம் தருகிறது. 20 இலட்சத்துக்கு அது ஆண்டுக்கு ஒரு இலட்சம். அதனால் மிச்சமாகும் வரி 27,000 ரான்ட். முதல் ஆண்டிலும் 27,000, இருபதாம் ஆண்டிலும் 27,000. விலைவாசி எவ்வளவு ஏறினாலும் சட்டம் இந்தத் தொகையை உயர்த்தாது, ஏனெனில் அது கட்டிய நாளின் செலவை வைத்தே அளக்கிறது. 5 சதவீதப் பணவீக்கத்தில் இருபதாம் ஆண்டின் 27,000, இன்றைய வாங்கும் சக்தியில் சுமார் 10,200தான்.

ஆக, ஒரே தாளில் இரண்டு வகை ரான்ட் கலந்து நிற்கிறது. வாடகை விலைவாசியோடு ஏறும் தொகை. தேய்மான வரிச்சலுகை அசையாத தொகை. பார்வைக்கு இரண்டும் இருபது வரிசை ஒரே எண்ணாகத்தான் தெரிகின்றன. இங்கேதான் தேர்ந்த கணக்காளர்களும் வழுக்குகிறார்கள். மெய் வீதத்துக்கு மாறியாயிற்று என்ற நிம்மதியில் இரண்டையும் 6.67ஆல் கழித்தால், சலுகையின் மதிப்பு சுமார் 2,93,600 என்று வரும். திட்டத்தின் நிகர மதிப்பு 40,000 ரான்ட் ஆதாயம். அசையாத தொகையை அதற்குரிய 12 சதவீதத்தால் கழித்தால், சலுகையின் மதிப்பு 2,01,700ஆகச் சுருங்கும். நிகர மதிப்பு 52,000 ரான்ட் நட்டம். ஒரே ஒரு தொகையைக் கழிக்கும் வீதம் மாறியதால் கட்டலாம் என்ற விடை கட்டக்கூடாது என்று புரண்டுவிடுகிறது.

தவறான அந்த 40,000 எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். பணவீக்கமே இல்லாத நாட்டில் இதே கிடங்கைக் கட்டினால், மெய் வீதமும் பெயரளவு வீதமும் ஒன்றே. அங்கே 40,000 ஆதாயம் என்பது சரியான விடை. மெய் வீதம் மாறாமலே பணவீக்கம் 8 சதவீதமாக ஏறினால், நட்டம் சுமார் 86,500 ஆகிறது. வாடகைப் பகுதியின் மதிப்பு இந்த மூன்று நிலைகளிலும் ஒரு ரான்ட்கூட அசைவதில்லை. அரிக்கப்படுவது வரிச்சலுகை மட்டுமே. எவரும் சட்டம் திருத்தாமலே வரி உயர்வதற்கு ஒப்பானது இது.

உங்கள் எக்செல் தாளில் இந்தக் கோளாறு உண்டா என்று பார்க்க நான் செய்யும் சோதனையும் இதுவே. மெய் வீதத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு பணவீக்க எண்ணை மட்டும் மாற்றிப் பாருங்கள். பெயரளவு வீதம் அதற்கேற்பத் தானே நகர வேண்டும். பணவீக்க எண்ணை உயர்த்தும்போது, விலைவாசியோடு ஏறும் தொகைகளின் இன்றைய மதிப்பு நகரக் கூடாது, அசையாத தொகைகளின் மதிப்பு குறைய வேண்டும். எதிர்மாறாக நடந்தால், எங்கோ வீதமும் ரான்டும் பொருந்தவில்லை.

மெய் வீதக் குறுக்குவழிக்கு இன்னொரு வரம்பும் உண்டு: எல்லா விலையும் ஒரே சீராக ஏறுகிறது என்று அது நம்புகிறது. நம் ஊர் மின்சாரமே அதற்குச் சாட்சி. 2023இல் அரசு மின் நிறுவனமான எஸ்காமுக்கு அனுமதிக்கப்பட்ட கட்டண உயர்வு 18.65 சதவீதம்; அவ்வாண்டு பொதுப் பணவீக்கம் 6 சதவீதத்தை ஒட்டியே இருந்தது. குளிர்கிடங்கு கட்டுபவர் மின்கட்டணத்தை இன்றைய விலையில் நிறுத்திவைத்தால் செலவைக் குறைத்தே மதிப்பிடுவார். வாடகையும் அப்படியே, ஒப்பந்தத்தில் ஆண்டு உயர்வு 7 சதவீதம் என்று எழுதியிருந்தால், பொதுப் பணவீக்கத்தை மறந்து அந்த 7ஐத்தான் போட வேண்டும். ஆகவே, சட்டத்தாலோ ஒப்பந்தத்தாலோ கட்டுண்ட தொகைகள் தாளில் ஒன்றிரண்டு இருந்தாலும், ஒவ்வொரு தொகையையும் அதனதன் போக்கில் வங்கி ரான்டாக எழுதி, முழுவதையும் பெயரளவு வீதத்தால் கழிப்பதே எனக்குப் பிடித்த வழி. வேலை கொஞ்சம் கூடும்; மறைந்துகிடக்கும் அனுமானங்கள் வெளியே வந்துவிடும்.

எந்தப் பணவீக்கத்தைப் போடுவது என்று சித்தப்பா கேட்டார். கடந்த ஆண்டின் எண்ணைப் போட வேண்டாம் என்றேன். வேண்டியது இருபது ஆண்டுகளுக்கான எதிர்பார்ப்பு. தென்னாப்பிரிக்க அரசு 2000 முதல் பணவீக்கத்தோடு இணைந்த கடன் பத்திரங்களை வெளியிடுகிறது. ஏறக்குறைய அதே காலத்துச் சாதாரணப் பத்திரத்தின் வருவாயை அதன் வருவாயோடு ஒப்பிட்டால், சந்தை எதிர்பார்க்கும் பணவீக்கம் ஏறத்தாழத் தெரியும். அதே 2000இல் அறிவிக்கப்பட்ட 3 முதல் 6 சதவீதம் என்ற பணவீக்க இலக்கு, 2025 நவம்பரில் 3 சதவீதமாக, இரு பக்கமும் ஒரு புள்ளி விலக்கத்தோடு, மாற்றப்பட்டது. பணவீக்கம் உண்மையிலேயே 3இல் நின்று, மெய் வீதமும் 6.67ஆகவே தொடர்ந்தால், கிடங்கின் நட்டம் 52,000இலிருந்து சுமார் 21,700ஆகக் குறையும். 5 சதவீதப் பணவீக்கத்தில் கட்டடம் தன் செலவை மீட்க வாடகை ஆண்டுக்கு 2,26,500 மிச்சமாக வேண்டும். 3 சதவீதத்தில் 2,22,700 போதும். சித்தப்பா அந்த இரண்டு எண்களையும் தாளின் ஓரத்தில் குறித்துக்கொண்டு, திங்கட்கிழமை கிடங்குக்காரரிடம் அடுத்த ஒப்பந்தத்தின் வாடகை என்ன என்று கேட்கப் போவதாகச் சொன்னார்.