பாத்ரூம் கபோர்டு ஏன் அடியில் உப்புகிறது?

எங்கள் வீட்டு வாஷ்பேசினுக்குக் கீழே இருந்த கபோர்டை இரண்டே வருடத்தில் கழற்ற வேண்டியதாயிற்று. 18 மி.மீ. எம்.டி.எஃப் பலகை, முன்னும் பின்னும் வழுவழுவென்று வெள்ளை லேமினேட். கழற்றியதும் பக்கப் பலகையின் அடியை அளந்து பார்த்தேன்: 23 மி.மீ. ஒரு சாண் மேலே அதே பலகை 18 தான்.

லேமினேட் வழியாகத் தண்ணீர் போகாது. ரம்பம் அறுத்த விளிம்பு வழியாகத்தான் போகும். கண்ணுக்குத் தெரியும் முன்விளிம்பில் பட்டை ஒட்டுவார்கள். தரையில் உட்காரும் அடிவிளிம்பையும் வேஸ்ட் பைப்புக்குப் போட்ட ஓட்டையையும் அப்படியே விட்டுவிடுவார்கள். தரையைக் கழுவும்போதெல்லாம் விளக்குத்திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல அந்த விளிம்பு தண்ணீரை மேலே இழுக்கும்.

சரி, காயவைத்தால் பழையபடி ஆகிவிடாதா? மொட்டைமாடியில் ஒரு வாரம் வெயிலில் போட்டேன். 22-க்குக் கீழே இறங்கவில்லை. காரணம் பலகை செய்யும் முறையில் இருக்கிறது. மரத்தை நாராக்கி, பசை கலந்து, சூட்டோடு நசுக்கி அழுத்துகிறார்கள். நசுங்கிய நாரைப் பிடித்து வைத்திருப்பது பெரும்பாலும் யூரியா ஃபார்மால்டிஹைடு பசை. ஈரம் பட்டதும் நார் தண்ணீர் குடித்துப் பருக்கிறது. இது காய்ந்தால் சுருங்கும். கூடவே பசையும் தளர்கிறது. அப்போது, கட்டு அறுந்த பஞ்சு மூட்டைபோல நார் விரிந்துவிடும். அந்த வீக்கம் திரும்பாது. பார்ட்டிகிள் போர்டுக்கும் இதே கதி, உதிரவும் செய்யும்.

பிளைவுட்டில் பசையின் பெயரைப் பார்த்து வாங்க வேண்டும். எம்.ஆர். ரகம் காற்றின் ஈரத்தைத் தாங்கும், தண்ணீரைத் தாங்காது. ஐ.எஸ். 710 முத்திரையுள்ள பி.டபிள்யூ.பி. ரகத்தில் ஃபீனால் ஃபார்மால்டிஹைடு பசை. 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தாலும் அடுக்குகள் பிரியக் கூடாது என்பது சோதனை. ஆனால் இது பசைக்கான சோதனை. உள்ளே இருப்பது மரம்தானே! அதன் ஈரம் 20 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் பூஞ்சை வேலையைத் தொடங்கலாம். பைப் ஓட்டையைச் சுற்றி ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். மெத்தென்று இறங்கினால் மக்கிவிட்டது.

பி.வி.சி. ஃபோம் போர்டு உப்பாது, மக்காது. ஆனால் ஸ்க்ரூவின் பிடிமானம் குறைவு, கதவின் கீல் சீக்கிரம் ஆடிவிடும்.

இப்போது நான் பி.டபிள்யூ.பி. பிளைவுட்டில் செய்து, தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் சுவரில் தொங்கவிட்டிருக்கிறேன். மாட்டுவதற்கு முன்பே அறுத்த விளிம்பு எல்லாவற்றிலும் எபாக்சி பூசி, பைப் ஓட்டையைச் சிலிகானால் அடைத்தாயிற்று.

ஷாம்பு வைக்கும் சுவர் மாடத்தில் மரமே வேண்டாம். டைல் ஒட்டும் முன் வாட்டர்ப்ரூஃப் பூச்சு அவசியம், டைல் இடுக்கில் பூசும் கிரவுட் மட்டும் தண்ணீரைத் தடுக்காது. அடியில் ஒரே துண்டு கிரானைட் போட்டு, 10 செ.மீ. ஆழத்துக்கு 2 மி.மீ. முன்பக்கம் சரியட்டும். மேஸ்திரி கிளம்புவதற்குள் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். மூலையில் தேங்கினால் கலவை காய்வதற்குள் கல்லைத் தூக்கி வைக்கச் சொல்லலாம்.