ஆயாவின் மூக்குத்தி எங்கே போனது?

சாட்ஸ்வொர்த் கல்யாண வீடுகளில் 1980களில் எடுத்த வி.எச்.எஸ். நாடாக்கள் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் என் மேசைக்கு அடிக்கடி வரும். அண்மையில் ஓர் அம்மா மூல நாடாவோடு, வேறொரு கடையில் '4கே' ஆக்கிய பதிவையும் கொண்டுவந்தார். "தம்பி, படம் பளிச்சென்றுதான் இருக்கிறது. ஆனால் இது எங்கள் ஆயா இல்லையே!"

அவர் சொன்னது சரி. மூலப் பதிவில் ஆயாவின் முகம் 24 படப்புள்ளி அகலம், அதே அளவு உயரம். ஆக 576 புள்ளிகள். ஜிஎஃப்பிகான் போன்ற முகச் சீரமைப்புச் செயற்கை நுண்ணறிவு மாதிரிகள் முகத்தை 512க்கு 512 அளவில் வரைகின்றன. நாடா கொடுத்த ஒவ்வொரு புள்ளிக்கும் நானூற்றைம்பதுக்கு மேல் இட்டு நிரப்ப வேண்டும். பல்வரிசையும் இமைமயிரும் பயிற்சிக்குக் கொடுத்த 70,000 ஃபிளிக்கர் தள முகப்படங்களின் சாயலில் பிறந்தவை. அந்தக் கூட்டத்தில் திருநீற்றுப் பட்டைக்கு எவ்வளவு இடம் இருந்திருக்கும்? பக்கத்தில் நின்ற தாத்தாவின் பட்டை வழித்தெடுத்ததுபோல் மறைந்திருந்தது. ஆயாவின் மூக்குத்தியும் போய்விட்டது.

நிஜமாகவே கிடைக்கும் மேம்பாடும் உண்டு. PAL என்ற தொலைக்காட்சி முறையில் பதிவான நாடாவில் நொடிக்கு 50 அரைப்படங்கள், ஒவ்வொன்றிலும் ஒன்றுவிட்டு ஒன்றாக 288 வரிகள். அவற்றை `bwdif` போன்ற மென்பொருள் வடிகட்டியால் 50 முழுப்படங்களாகப் பிரித்தாலே, அசையும் கைகளில் தெரியும் சீப்புப்பல் கோடுகள் போய்விடும். அடுத்தது, பல படங்களைச் சேர்த்துப் பார்க்கும் பேசிக்விஎஸ்ஆர் வகை மாதிரிகள். கேமரா பிடித்தவரின் கை நடுக்கம் இங்கே வரம்தான்: ஒவ்வொரு படத்திலும் முகம் புள்ளியில் ஒரு பங்கு நகர்ந்து பதிவாகிறது. அவற்றைப் பொருத்திச் சேர்த்தால் இரைச்சல் குறைந்து உண்மையான நுணுக்கம் கொஞ்சம் மேலே வரும். ஆயாவின் மூக்கருகே ஒரு வெள்ளைப் பொட்டு படத்துக்குப் படம் அதே இடத்தில் இருந்தது. இரைச்சல் அப்படி நிலைத்து நிற்காது. அதுதான் மூக்குத்தி.

நிறத்தில் இவ்வளவுகூட எதிர்பார்க்க வேண்டாம். வி.எச்.எஸ். நிறத்தை ஒளியைவிடப் பல மடங்கு பரும்படியாகப் பதிவு செய்கிறது. சேலைக்கரையின் கூர்மையான சிவப்பு விளிம்பு எந்த மாதிரி தந்தாலும் கற்பனைதான்.

பெரிதாக்கிய படத்தை மூல அளவுக்குச் சுருக்கி ஒப்பிடுங்கள். பொருந்தாவிட்டால் புனைவு என்பது உறுதி. பொருந்திவிட்டது என்பதற்காக மட்டும் நம்பிவிடக் கூடாது. ஆயிரம் முகங்கள் அதே 576 புள்ளிகளாகச் சுருங்கலாம். 2020இல் பல்ஸ் என்ற முறை, சுருக்கினால் மூலத்தோடு ஒத்துப்போகும் முகத்தையே தேடியது. ஆனாலும் ஒபாமாவின் மங்கலான படத்திலிருந்து ஒரு வெள்ளைக்காரரை வரைந்து கொடுத்தது.

இன்னும் நம்பகமான சோதனை, அடுத்தடுத்த படங்களைத் தனித்தனியாக மாதிரிக்குக் கொடுப்பது. மேடைப் பலகையின் தமிழ் எழுத்து ஒரு படத்தில் ஒரு வடிவம், அடுத்ததில் வேறொன்று என்றால் அது நாடாவில் இல்லாதது. கடையில் கொடுக்கும்போதே முகச் சீரமைப்பை நிறுத்திவைக்கச் சொல்லுங்கள். பெரிதாக்காத மூலப் பதிவையும் தனிக் கோப்பாகக் கேட்டு வாங்குங்கள்.