மைனஸ் 5-ல் பருத்திப் பனியன் ஏன் கைவிடுகிறது?

டொரொன்டோ, ஜனவரி மாதக் காலை. போனில் மைனஸ் 5 என்று காட்டுகிறது. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் காற்றும் உண்டு என்பதால், வெறும் முகத்துக்கு அது மைனஸ் 12 போலத் தெரியும். போன வாரம்தான் சென்னையிலிருந்து வந்த ஒருவர் பருத்திப் பனியன், பருத்திச் சட்டை, அதன்மேல் கடையில் கிடைத்ததிலேயே தடிமனான ஜாக்கெட் என்று கிளம்புகிறார். பஸ் நிறுத்தத்துக்குப் பத்து நிமிடம் வேகமாக நடக்கிறார். முதுகு வியர்க்கிறது. பஸ்ஸைக் காணோம். நின்ற ஐந்தாவது நிமிடம் அந்த முதுகே சில்லிட்டு, உடம்பு நடுங்கத் தொடங்குகிறது.

ஜாக்கெட் மேல் தப்பில்லை. எந்தத் துணியும் சூட்டை உண்டாக்குவதில்லை. உடம்பின் சூடு வெளியே ஓடாமல் தடுப்பது இழைகளுக்கு நடுவே அசையாமல் நிற்கும் காற்றுதான். அந்த இடத்தில் தண்ணீர் புகுந்தால் கதை மாறிவிடும். அசையாத காற்றைவிடத் தண்ணீர் இருபது மடங்குக்கும் மேல் வேகமாகச் சூட்டைக் கடத்தும். போதாததற்கு, ஈரம் உலரும்போதும் உடம்பின் சூட்டைத்தான் எடுத்துக்கொள்கிறது. நம் ஊர் வெயிலில் பருத்தி இதமாக இருப்பதற்கும் இதே குணம்தான் காரணம்: வியர்வையை உறிஞ்சும், மெதுவாக உலரும்.

அதனால் முதலில் மாற்ற வேண்டியது பனியனைத்தான். உடம்போடு ஒட்டினாற்போல மெல்லிய கம்பளி அல்லது பாலியெஸ்டர் தெர்மல் போடலாம். பாலியெஸ்டர் இழை தண்ணீரை உள்ளே வாங்குவதே இல்லை என்று சொல்லலாம். ஈரம் துணியில் பரவிச் சீக்கிரம் உலர்ந்துவிடும். கம்பளியோ கொஞ்சம் ஈரத்தை இழைக்குள் வாங்கிக்கொண்டும் கதகதப்பை விடாது. எனக்குக் கம்பளிதான் பிடிக்கும். நாள் முழுக்கப் போட்டாலும் நாற்றம் குறைவு. அதன்மேல் காற்றைப் பிடித்துவைக்க ஒரு ஃபிளீஸ் அல்லது ஸ்வெட்டர். எல்லாவற்றுக்கும் மேலே காற்று புகாத ஜாக்கெட். இது இல்லாவிட்டால் ஸ்வெட்டரில் சேர்ந்த வெதுவெதுப்பைக் காற்று அள்ளிக்கொண்டு போய்விடும்.

வீட்டு வாசலைத் தாண்டியதும் முதல் சில நிமிடம் லேசாகக் குளிர வேண்டும். அப்போதே சுகமாக இருந்தால், நடக்கும்போது வியர்க்கும். பாதி வழியில் கையைப் பின்கழுத்துக்குக் கீழே விட்டுப் பாருங்கள். பிசுபிசுப்பு இருந்தால் உடனே ஜிப்பைப் பாதி இறக்குங்கள். நிறுத்தத்தில் நின்றதும், குளிரும்வரை காத்திருக்காமல், மேலே ஏற்றிவிடுங்கள்.

காலுக்கும் இதே கணக்குதான். பயத்தில் இரண்டு ஜோடி சாக்ஸைத் திணித்தால் பூட்ஸ் இறுகும். உள்ளே காற்றுக்கு இடமிருக்காது, விரல்களுக்கு ரத்த ஓட்டமும் குறையும். விரல்களை அசைக்க முடிகிற பூட்ஸும் ஒரே ஒரு தடித்த கம்பளி சாக்ஸும் போதும்.

சரி, பஸ் வந்துவிட்டது. உள்ளே ஹீட்டர் ஓடும். உட்கார்ந்ததும் தொப்பியைக் கழற்றி, ஜாக்கெட்டைத் திறந்துவிடுங்கள். அங்கே வியர்த்தால், இறங்கியதும் மறுபடி அதே நடுக்கம்.