கஞ்சி குடிக்காமலும் இறங்கியிருக்கக்கூடிய பத்துப் புள்ளிகள்

நிலாவெளிப் பக்கத்துச் சனசமூக நிலையம் ஒன்றில் நடந்த இரத்த அழுத்த முகாமின் பெறுபேறுகளை அண்மையில் ஓர் இளம் வைத்தியர் என்னிடம் கொண்டுவந்தார். வந்தவர்கள் எல்லோருக்கும் ஒரு தடவை அளந்து, மேல் அழுத்தம் 150க்கு மேல் இருந்தவர்களை மட்டும் தெரிவுசெய்து, ஏற்கெனவே எடுத்த மருந்துகளை மாற்றாமல், ஆறு வாரம் காலையில் வல்லாரைக் கஞ்சி குடிக்கச் செய்து, மறுபடி அளந்திருந்தார்கள். எண்களை முழுமையாக்கிச் சொன்னால், அவர்களின் சராசரி 157இலிருந்து 147க்கு இறங்கியிருந்தது. "சேர், பத்துப் புள்ளி குறைஞ்சிருக்கு. கஞ்சி வேலை செய்யுது எண்டுதானே அர்த்தம்?" என்று அவர் கேட்டார்.

அந்தப் பத்துப் புள்ளியும் உண்மையிலேயே இறங்கியதுதான். ஆனால் கஞ்சிக்குப் பதிலாகப் பச்சைத் தண்ணீர் கொடுத்திருந்தாலும் ஏறக்குறைய அவ்வளவும் இறங்கியிருக்கலாம். அதற்கான காரணம், ஆட்களைத் தெரிவுசெய்த முறைக்குள்ளேயே இருக்கிறது.

வழமையில் 142 அளவில் அழுத்தம் உள்ள இரண்டு பெண்களை எண்ணிப் பாருங்கள். ஒருவர் இரவு நித்திரையில்லாமல், வெயிலில் நடந்துவந்து, இருந்து ஆறுவதற்கு முன்பே கையை நீட்டினார். கருவி 153 காட்டியது. மற்றவர் ஆறுதலாக இருந்தபின் அளந்ததில் 133 வந்தது. முதலாமவர் ஆய்வுக்குள் வந்தார், இரண்டாமவர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். ஆகவே 150 என்ற கோடு, நிரந்தரமாக உயர்ந்த அழுத்தம் உள்ளவர்களுடன் அன்றைக்குத் தற்செயலாக உயர்ந்திருந்தவர்களையும் உள்ளே எடுத்துக்கொண்டு, தற்செயலாகத் தாழ்ந்திருந்தவர்களை வெளியே விட்டுவிடுகிறது. ஆறு வாரத்தின் பின் அளக்கும்போது அந்தத் தற்செயல் மீண்டும் அதே பக்கமாக நிற்பதில்லை. இதையே சராசரியை நோக்கித் திரும்புதல் என்கிறோம். உயரமான பெற்றோரின் பிள்ளைகள் சராசரியாகப் பெற்றோரைவிடப் பொது உயரத்துக்கு அண்மையில் இருப்பதை 1886இல் பிரான்சிஸ் கால்ற்றன் எழுதிக் காட்டியதும் இதே போக்குத்தான்.

எவ்வளவு திரும்பும் என்பதை முன்கூட்டியே கணக்கிடலாம். ஊரின் சராசரி 130 என்றும், ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டின் நியமவிலகல், அதாவது சராசரியிலிருந்து அளவுகள் சிதறும் அளவு, 12 என்றும், ஒரே ஆளில் நாளுக்கு நாள் உள்ள வேறுபாட்டின் நியமவிலகல் 9 என்றும் உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். 12இன் வர்க்கம் 144, அதனுடன் 9இன் வர்க்கமான 81ஐக் கூட்டினால் 225. ஆகவே இரு தடவை அளந்த அளவுகளுக்கு இடையிலான தொடர்புக் குணகம் 144 ÷ 225, அதாவது 0.64 ஆகும். பரம்பல் செவ்வனாக இருந்தால் 150க்கு மேற்பட்டோரின் முதற் சராசரி ஏறத்தாழ 157 வரும். அது ஊர்ச் சராசரியைவிட 27 அதிகம். அதில் 0.64 பங்கு மட்டுமே அடுத்த தடவைக்கு நிலைக்கும் என்பதால், எந்தச் சிகிச்சையும் இல்லாமலே இரண்டாம் சராசரி 147 ஆகிவிடுகிறது.

இளம் வைத்தியர் ஒரே ஆட்களின் முன், பின் அளவுகளை ஒப்பிடும் இணைச் சோடி t சோதனையையும் செய்து, தற்செயலாகவே இவ்வளவு இறக்கம் வரக்கூடிய நிகழ்தகவான p பெறுமானம் மிகச் சிறியது என்று காட்டினார். அந்தச் சோதனை இறக்கம் தற்செயலா என்பதைத்தான் கேட்கிறது. இறக்கத்துக்கு எது காரணம் என்பதை அது கேட்பதே இல்லை. ஆட்களைக் கூட்டினால் p இன்னும் சிறிதாகும், பிழை அப்படியே இருக்கும். "கூட உயர்ந்திருந்தவர்களுக்குத்தான் கூடக் குறைந்தது" என்பதை வலுவான சான்றாக அவர் கருதியதும் எனக்குக் கவலை தந்தது, ஏனெனில் இந்தத் திரும்புதலும் அதே கோலத்தையே வரையும்.

கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி, வீட்டுக்கு அனுப்பியவர்களையும் திரும்ப அளப்பது. எங்கள் உதாரணத்தின்படி முதல் நாள் 110 காட்டியவர்களின் சராசரி இரண்டாம் நாள் 117 அளவுக்கு ஏறியிருக்க வேண்டும். அவர்களுக்கு அழுத்தத்தை ஏற்றும் எதையும் யாரும் கொடுக்கவில்லை.

தடுப்பதற்கு, ஒருவரை வெவ்வேறு நாட்களில் மூன்று தடவை அளந்து, அந்தச் சராசரியைக் கொண்டு தெரிவுசெய்தால், இதே எண்களில் பொய்யிறக்கம் பத்திலிருந்து நான்காகச் சுருங்கும், முற்றாக நீங்காது. முதல் அளவைத் தெரிவுக்கு மட்டும் பயன்படுத்தி, இன்னொரு நாள் எடுக்கும் அளவைத் தொடக்க அளவாகக் கொண்டால் பெரும்பாலும் நீங்கிவிடும். ஆயினும் அளவெடுப்புக்குப் பழகிப் பதற்றம் தணிவதாலோ, பருவம் மாறுவதாலோ வரும் இறக்கத்தை இதுவும் பிடிக்காது. அதனால் நான் வற்புறுத்துவது ஒப்பீட்டுக் குழுவைத்தான்: தெரிவானவர்களை எழுமாறாக இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு இப்போதும் மற்றப் பகுதிக்கு ஆறு வாரத்தின் பின்னும் கஞ்சியைத் தொடங்க வேண்டும். இரு குழுவும் இறங்கும். முதல் ஆறு வாரத்தில் அந்த இரண்டு இறக்கங்களுக்கும் இடையிலான வித்தியாசமே கஞ்சியின் பங்கு.

147 என்பதும் உயர்ந்த அழுத்தமே என்பதால், அவர்களில் ஒருவரும் கஞ்சியை நம்பி மருந்தை நிறுத்திவிடக் கூடாது என்பதை முதலில் போய்ச் சொல்லும்படி அவரிடம் கேட்டுக்கொண்டேன். அடுத்த வாரம் முகாமின் பழைய பதிவேட்டை எடுத்து, 150க்குக் கீழே இருந்ததால் அனுப்பப்பட்டவர்களை மறுபடி அழைக்கப்போகிறார்.