"கமிஷன் இல்லை" என்று அனுப்பிய காசு

களுவாஞ்சிக்குடிப் பக்கத்து அம்மா ஒருவர் எங்கள் வங்கிக் கவுண்டரில் கேட்டார்: "கமிஷன் எடுக்காத இடத்திலதான் மகன் காசு போட்டவன். பிறகேன் தம்பி குறையுது?"

கமிஷன் எடுக்கவில்லை என்பது உண்மைதான். எடுத்தது ரேட்டில். சவூதியில் ரியாலை வாங்குகிறவர் சந்தை விலையைவிடக் கொஞ்சம் குறைத்துத்தான் ரூபா தருவார். அந்த வித்தியாசம் அவருடைய வருமானம். பற்றுச்சீட்டில் அதைத் தனியாக எழுதியிருக்க மாட்டார்கள்.

ஆனால் அதைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. 1986 முதல் ஒரு டொலர் 3.75 ரியால் என்றே கட்டி வைத்திருக்கிறார்கள். எனவே இலங்கை மத்திய வங்கி அன்று போடும் டொலர் விலையை 3.75ஆல் வகுத்தால் ரியாலின் விலை கிட்டத்தட்ட வந்துவிடும். கணக்கு லேசாக இருக்க டொலர் 300 ரூபா என்று வைப்போம். ரியால் 80 ரூபா.

மகன் கையில் 1,500 ரியால். ஒரு கழிவும் இல்லாவிட்டால் 1,20,000 ரூபா. முதல் கடையில் கட்டணம் இல்லை, ரேட் 77.80. வீட்டுக்கு வருவது 1,16,700. அதாவது "இலவசமாக" அனுப்பியதற்கு 3,300 ரூபா போயிருக்கிறது. அடுத்த கடையில் கட்டணம் 20 ரியால், அதற்கு 15 வீத வற் வரி 3 ரியால், ரேட் 79.40. மிச்சம் 1,477 ரியாலை மாற்றினால் 1,17,274 ரூபா. கட்டணம் கேட்ட கடைதான் 574 ரூபா கூடத் தருகிறது.

சரி, இனி எப்போதும் அங்கேயே போடலாமா? அவசரத்துக்கு 300 ரியால் மட்டும் அனுப்புகிறார் என்று பாருங்கள். முதல் கடையில் 23,340 ரூபா, இரண்டாவதில் 21,994. இப்போது கட்டணமில்லாத கடை 1,346 ரூபா லாபம். தொகை எவ்வளவானாலும் 23 ரியால் மாறாது. ரேட்டில் எடுப்பதோ தொகையோடு சேர்ந்து வளரும். இந்த இரண்டு கடைகளுக்கும் சுமார் 1,140 ரியாலில் கணக்குச் சமனாகும். மாதத்தில் மூன்று தரம் துண்டு துண்டாக அனுப்புகிற பிள்ளைகள் கட்டணத்தை மூன்று தரம் கட்டுகிறார்கள்.

சந்தை விலை அப்படியே யாருக்கும் கிடைக்காது. கடைக்காரரும் வாடகை கட்ட வேண்டும். ஆகவே ரேட்டையோ கட்டணத்தையோ தனியாக விசாரிக்காமல், "1,500 ரியால் தந்தால் வீட்டில் எத்தனை ரூபா விழும்?" என்று இரண்டு இடத்தில் ஒரே நாளில் கேட்கச் சொல்லுங்கள்.

டொலராக வங்கி மூலம் அனுப்பினால் இன்னொரு தொல்லை உண்டு. இடையிலுள்ள வங்கி தன் கட்டணத்தை வழியிலேயே கழிக்கலாம். அதன் பிறகு இங்குள்ள வங்கி தன் கொள்வனவு விலையில் ரூபாவாக்கும். மகன் சொன்ன டொலரும் கணக்கில் விழுந்த டொலரும் ஒத்துவராவிட்டால், அவர் நிரப்பிய படிவத்தில் கட்டணப் பகுதியைப் பார்க்கச் சொல்லுங்கள். SHA என்றிருந்தால் வழிக் கட்டணம் உங்கள் காசில் போகும், OUR என்றால் அனுப்புகிறவர் தலையில்.