மான் கொம்பு ஏன் உதிர்கிறது, மாட்டுக் கொம்பு ஏன் உதிர்வதில்லை

சென்னை கிண்டி தேசியப் பூங்காவின் பரப்பு மூன்று சதுர கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் அந்தச் சிறிய காட்டில் புள்ளிமானும் வெளிமானும் பக்கத்தில் பக்கத்தில் மேய்கின்றன. ஆண் வெளிமானின் தலையில் முறுக்கிய, கிளையே இல்லாத ஒரு ஜோடிக் கொம்பு. குட்டிப் பருவத்தில் முளைத்த அது சாகும்வரை கூடவே இருக்கும். ஆண் புள்ளிமானின் கொம்போ கிளை கிளையாகப் பிரிந்து நிற்கும்; வருடத்துக்கு ஒருமுறை அடியோடு கழன்று விழும்; பிறகு புதிதாக முளைக்கும்.

பார்ப்பவர்களுக்கு இரண்டுமே மான், இரண்டுமே கொம்பு. உண்மையில் வெளிமான் ஆடு மாடுகளின் குடும்பத்தைச் சேர்ந்தது. புள்ளிமானும் கடமானும் கேளையாடும்தான் மான் குடும்பம். தமிழ் இவை எல்லாவற்றையும் ‘கொம்பு’ என்ற ஒரே சொல்லால் அழைக்கிறது. பழந்தமிழில் கோடு, மருப்பு என்ற சொற்கள் யானையின் தந்தத்தையும் சேர்த்தே குறித்தன. ‘தந்தம்’ என்ற வடசொல்லுக்குப் பல் என்று பொருள், உடற்கூறுப்படி அதுவே சரி. குழப்பம் வராமல் இருக்க, மான் குடும்பத்தின் கொம்பை மட்டும் இங்கே ‘கிளைக்கொம்பு’ என்று சொல்வோம்.

மூன்றையும் பிரித்தறிய ஒரே ஒரு கேள்வி போதும்: உயிருள்ள திசு எங்கே இருக்கிறது?

மாட்டுக் கொம்பில் உயிர் உள்ளே இருக்கிறது. நடுவே மண்டையோட்டோடு ஒட்டிய எலும்புத் தண்டு. அதன்மேல் ரத்தம் ஓடும் மெல்லிய திசு. எல்லாவற்றுக்கும் வெளியே உறை. அந்த உறை, நம் நகம் எதனால் ஆனதோ அதே கெரட்டினால் ஆனது. மாட்டுப் பொங்கலுக்குக் கொம்பு சீவி வர்ணம் பூசும்போது மாட்டுக்கு வலிப்பதில்லை என்றால், சீவுவது இந்தச் செத்த உறையை மட்டும் என்பதுதான் காரணம். ஆழமாகச் சீவினால் ரத்தம் கசியும். முட்டி மோதி உறை மொத்தமாகக் கழன்றுவிட்டால், உள்ளே சிவப்பாக ரத்தம் வழியும் எலும்புத் தண்டு தெரியும்.

கன்று பிறந்த முதல் இரண்டு மாதங்களில் கொம்புக் குருத்து தோலில்தான் இருக்கும், தொட்டால் நகரும். அதன் பிறகே அது மண்டையோட்டோடு ஒட்டுகிறது. இன்னும் சில மாதங்களில், நெற்றி எலும்புக்குள் இருக்கும் காற்றறை கொம்பின் தண்டுக்குள்ளும் நீண்டுவிடும். கொம்பு வேண்டாம் என்பவர்கள் குருத்திலேயே தீய்த்துவிட வேண்டும் என்று கால்நடை மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். வளர்ந்த மாட்டின் கொம்பை அடியில் அறுத்தால் அந்தக் காற்றறை திறந்துவிடும். ஈ மொய்த்துப் புழு வைக்கும், சீழ் பிடிக்கும்.

இந்தக் கொம்பு அடியிலிருந்து வளர்கிறது. புதிய உறை அடியில் உருவாகி, பழையதை மேலே தள்ளுகிறது. ஒரு கூம்புக்கு அடியில் இன்னொரு கூம்பைச் செருகிக்கொண்டே போவதுபோல. எனவே நுனிதான் மிகப் பழைய பகுதி, கன்றாக இருந்தபோது உருவானது. கூம்பு கூம்பாக அடுக்கும் இந்த முறையில் கிளை பிரிய வழியில்லை. வளையலாம், வெளிமானுடையதுபோல் முறுக்கலாம், அவ்வளவுதான். (வட அமெரிக்காவில் மான்போல் தெரியும் பிராங்ஹார்ன் என்ற விலங்கு ஒரு விதிவிலக்கு. அதன் உறை கவட்டையாகப் பிரிந்திருக்கும், ஆண்டுதோறும் அந்த உறை மட்டும் கழலும், எலும்புத் தண்டு விழாது.) காண்டாமிருகத்தின் கொம்பில் எலும்புத் தண்டே கிடையாது, முழுக்க கெரட்டின்.

தந்தத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் அது பல். யானையின் மேல்தாடை வெட்டுப்பற்கள் இரண்டு நிற்காமல் வளர்வதே தந்தம். காட்டுப்பன்றிக்கு நீண்டு வெளியே தெரிவது கோரைப்பல். யானைக்கன்றுக்கு முதலில் விரல் நீளத்தில் பால்தந்தம் வரும். ஏறக்குறைய ஒரு வயதில் அது விழுந்து, நிலையான தந்தம் முளைக்கும். அதில் சுமார் மூன்றில் ஒரு பங்கு வெளியே தெரியாமல் மண்டையோட்டுக்குள் புதைந்திருக்கும். அந்த அடிப்பகுதி உள்ளீடற்ற கூம்பு. அதை நிறைத்திருக்கும் பற்கூழில்தான் ரத்தக்குழாயும் நரம்பும் இருக்கின்றன. அங்கிருந்து டென்டின் என்ற பல் திசு அடுக்கடுக்காகப் படிந்து தந்தம் நீள்கிறது. நுனி உடைந்தால் பாதகமில்லை, அடியிலிருந்து வளர்ந்துகொண்டே வரும். பற்கூழ் வரை உடைந்தால் சொத்தைப் பல்லைப் போலவே சீழ் பிடிக்கும். வேரோடு பிடுங்கப்பட்டால் மீண்டும் முளைக்காது.

இனி கிளைக்கொம்பு. இங்கே எல்லாம் தலைகீழ். உயிர் வெளியே இருக்கிறது.

ஆண் புள்ளிமான் பருவம் எய்தும்போது நெற்றி எலும்பிலிருந்து இரண்டு குட்டையான எலும்புக் காம்புகள் எழுகின்றன. இவை நிரந்தரமானவை, தோல் மூடியவை. இவற்றின் உச்சியில்தான் கிளைக்கொம்பு முளைக்கும். முளைவிடும்போது அது மிருதுவான குமிழ்; மேலே குட்டைமுடி அடர்ந்த, வெல்வெட் போன்ற தோல் போர்த்தியிருக்கும். தொட்டால் சூடாக இருக்கும், அடிபட்டால் ரத்தம் கொட்டும், நரம்பு இருப்பதால் வலிக்கும். வளர்ச்சி நடப்பது நுனியில். அங்கே குருத்தெலும்பு உருவாகி, பின்னாலேயே சுண்ணச்சத்து ஏறி எலும்பாகிறது. நுனி இரண்டாகப் பிளந்தால் கிளை பிரிகிறது, மரக்கிளைபோல. அதனால் மாட்டுக் கொம்புக்கு நேர்மாறாக, இங்கே அடிதான் பழையது, நுனி புதியது.

வளரும் வேகம் அசாதாரணமானது. வட அமெரிக்காவின் பெரிய வாபிட்டி மானுக்கு உச்சக் கட்டத்தில் ஒரு நாளைக்கு இரண்டு சென்டிமீட்டர் வரை நீளும். பாலூட்டிகளில் வளர்ந்த விலங்கின் உறுப்பு ஒன்று முழுதாக மறுபடி முளைப்பதும் இங்கே மட்டும்தான். இவ்வளவு சுண்ணச்சத்து தீனியிலிருந்து மட்டும் கிடைத்துவிடாது. விலா எலும்பு போன்றவற்றிலிருந்து உடல் கடன் வாங்குகிறது. கொம்பு வளரும் மாதங்களில் மானின் விலா எலும்புகள் வலுவிழந்து, பிறகு மீண்டும் கெட்டியாகின்றன.

நான்கைந்து மாதங்களில் புள்ளிமானின் கொம்பு முழு அளவை எட்டுகிறது. அப்போது ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் ஏறுகிறது. எலும்பு இறுகுகிறது, ரத்த ஓட்டம் அடைபடுகிறது, வெல்வெட் தோல் காய்ந்து கந்தல் கந்தலாகத் தொங்குகிறது. மான் அதை மரத்தில் தேய்த்து உரிக்கிறது. காய்ந்த ரத்தமும் மரப்பட்டைச் சாறும் ஏறித்தான் கொம்புக்கு அந்தப் பழுப்பு நிறம் வருகிறது. சண்டைக்குத் தயாரான கொம்பு இது. ஆனால் உணவூட்டிய தோல் போய்விட்டதால் இது செத்த எலும்பு. இனி ஒரு மில்லிமீட்டர்கூட வளராது, விரிசல் விட்டால் ஆறாது.

ஆக, உயிருள்ள காம்பின்மேல் ஒரு செத்த எலும்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது. உடல் சாதாரணமாகச் செத்த எலும்பை விட்டுவைக்காது, கரைத்து வெளியேற்றப் பார்க்கும். அதைத் தடுத்து நிறுத்துவது டெஸ்டோஸ்டிரோன் மட்டுமே. இனச்சேர்க்கைக் காலம் முடிந்து அது சரிந்ததும், எலும்பைக் கரைக்கும் செல்கள் காம்பும் கொம்பும் சேரும் இடத்தில் குவிகின்றன. ஒரு மெல்லிய தட்டு அளவுக்கு எலும்பை அரித்து, கண்ணுக்குத் தெரியாத ஒரு வெட்டுக்கோட்டை உண்டாக்குகின்றன. சில நாட்களுக்கு முன்புவரை இன்னொரு ஆணோடு முட்டி மல்லுக்கட்டத் தாங்கிய கொம்பு, இப்போது தன் எடையாலோ புதரில் உரசியோ விழுந்துவிடும். இரண்டும் ஒரே நொடியில் விழுவது அபூர்வம். ஒற்றைக் கொம்போடு ஓரிரு நாள் திரியும் மானைப் பார்க்கலாம். காம்பின் மேல் சிறிது ரத்தம் கசிந்து பொருக்குத் தட்டும். ஓரத்துத் தோல் அதன்மேல் வளர்ந்து மூடும். அந்தத் தோலுக்கு அடியிலிருந்தே அடுத்த கொம்பு தொடங்குகிறது.

இந்த ஹார்மோனின் பங்கைக் காயடிக்கப்பட்ட மான்கள் தெளிவாகக் காட்டுகின்றன. முற்றிய கொம்போடு இருக்கும் ஆணுக்குக் காயடித்தால் சில வாரங்களில் கொம்பு விழுகிறது. புதிது முளைக்கிறது, ஆனால் அது முற்றுவதே இல்லை, வெல்வெட் உரிவதே இல்லை. பருவம் எய்துமுன் காயடித்தால் காம்பே எழாது, கொம்பும் கிடையாது. காட்டில் என்றைக்கும் வெல்வெட் உரியாத கொம்போடு ஒரு மானைக் கண்டால், விரையில் அடிபட்டிருக்கலாம் என்று சந்தேகிப்பது இதனால்தான்.

ஹார்மோனை ஆட்டிவைப்பது எது? குளிர்நாட்டு மான்களுக்குப் பகல் நீளம். அமெரிக்க உயிரியலாளர் ரிச்சர்ட் காஸ், சிக்கா மான்களைச் செயற்கை விளக்கொளியில் வைத்து இதைச் சோதித்தார். ஓராண்டுக்குரிய பகல் நீள மாற்றத்தை ஆறே மாதத்தில் சுருக்கிக் காட்டியபோது, அவை ஓராண்டில் இரண்டு முறை கொம்பு மாற்றின. தென்னிந்தியாவில் பகல் நீளம் அவ்வளவு மாறுவதில்லை. புள்ளிமான் ஒவ்வொன்றுக்கும் அதனதன் கணக்கு. கோடை மாதங்களில் முற்றிய கொம்புள்ளவை அதிகம் தெரிந்தாலும், ஒரே மந்தையில் ஒன்று வெல்வெட்டோடும், ஒன்று முற்றிய கொம்போடும், ஒன்று மொட்டைத் தலையோடும் நிற்பது கிண்டியில் சாதாரணக் காட்சி. நோயோ என்று பயப்பட வேண்டியதில்லை.

எப்படி விழுகிறது என்பதற்கு இவ்வளவு தெளிவான விடை இருக்கிறது. இந்த ஏற்பாடு ஏன் வந்தது என்பதற்கு அப்படி இல்லை. உடைந்த கிளைக்குப் பதில் அடுத்த ஆண்டு முழுக்கொம்பு கிடைக்கிறது என்பது ஒரு விளக்கம். உடல் பெருக்கப் பெருக்க அதற்கேற்ற பெரிய கொம்பு வைத்துக்கொள்ள முடிகிறது என்பது இன்னொன்று. இரண்டுமே கிடைக்கும் பலன்கள்தான். தொடக்கக் காரணம் அவைதான் என்று சொல்லிவிட முடியாது. என் பார்வையில் உடற்கூறிலிருந்து தொடங்குவதே நேர்மை. தோலுக்கு வெளியே எலும்பை நீட்டிச் சண்டையிட வேண்டுமானால் தோல் சாக வேண்டும். தோல் செத்தால் எலும்பும் சாகும். செத்த எலும்பை என்றென்றும் சுமக்க முடியாது. மாடு கெரட்டின் உறையை வைத்து இந்தச் சிக்கலைத் தவிர்த்துக்கொண்டது.

பழுது எங்கே நேர்ந்தது என்பதையும் கொம்பே காட்டிக்கொடுக்கும். வெல்வெட் பருவத்தில் அடிபட்டு வளைந்த கொம்பு அந்த ஆண்டோடு போய்விடும், அடுத்தது பெரும்பாலும் நேராக வரும். காம்பிலேயே அடிபட்டிருந்தால் ஆண்டுதோறும் கோணல்தான்.

காட்டில் கிடக்கும் ஒரு கொம்பு தானாக உதிர்ந்ததா, கொன்று எடுத்ததா என்று அறிய அடிப்பகுதியைப் பார்க்க வேண்டும். உதிர்ந்ததில், சுற்றிலும் முடிச்சு முடிச்சான வளையமும், நடுவில் சொரசொரப்பான, பெரும்பாலும் லேசாகப் புடைத்த பரப்பும் இருக்கும். காம்போ மண்டையோட்டுத் துண்டோ ஒட்டியிருந்தாலும், ரம்பம் போட்ட தட்டையான வெட்டு தெரிந்தாலும், அது உதிர்ந்ததல்ல. எந்த வகையானாலும் எடுத்து வரக் கூடாது: 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது அரசின் சொத்து. காட்டிலும் அதற்குத் தேவை இருக்கிறது. முள்ளம்பன்றிகள் அதைக் கொறிக்கின்றன. புள்ளிமானே நின்று அதைக் கடித்து மெல்லும், சுண்ணச்சத்தும் பாஸ்பரசும் தேடி. சில மாதங்கள் கிடந்த கொம்பில் வரிவரியாகப் பல் தடம் இல்லாமல் இருப்பது அபூர்வம்.